படகுத் தளத்துக்கு ஷூ வாங்குகிறீர்களா? தடம் விழாததும் வழுக்காததும் வேறு வேறு

புதிதாகப் படகு வேலைக்குப் போகிறவர்களும், தூண்டில் பயணத்துக்கு ஆட்களை ஏற்றிப் போக ஃபைபர் படகு வாங்கியவர்களும் ஒரே இடத்தில்தான் ஏமாறுகிறார்கள். கடையில் போய் 'நான்-மார்க்கிங் ஷூ' என்று கேட்கிறார்கள். கடைக்காரரும் மனசாட்சியோடு நான்-மார்க்கிங் ஷூவைத்தான் எடுத்துத் தருகிறார். கடலுக்குப் போன முதல் நாளே மீன் வழும்பில் கால் சறுக்குகிறது. யாரும் பொய் சொல்லவில்லை. தளத்தில் தடம் விழாமல் இருப்பது ஒரு குணம். ஈரத்தில் வழுக்காமல் இருப்பது இன்னொரு குணம். ஒன்று இருந்தால் மற்றது இருக்கும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. இரண்டையும் தனித்தனியாகச் சோதித்து வாங்குகிற வழி இது.

1. முதலில் தளத்தைப் பாருங்கள், ஷூ அப்புறம்

உங்கள் படகின் தளம் எது என்று தெரியாமல் ஷூ வாங்க வேண்டாம். ஃபைபர் படகிலும், மரத்தின் மேல் ஃபைபர் லைனிங் போட்ட விசைப்படகிலும் மேல் பூச்சு வெள்ளையாகவோ வெளிர் நீலமாகவோ இருக்கும். அதில் கறுப்பு ரப்பர் இழுத்த கோடு பளிச்சென்று தெரியும். புதிதாகப் பூசிய தளத்தில் அது இன்னும் எளிதாக ஒட்டிக்கொள்ளும். மணல் தூவிப் பெயிண்ட் அடித்த சொரசொரப்பான தளம் என்றால் கதை வேறு. அங்கே வழுக்கல் குறைவு, ஆனால் மென்மையான சோல் உப்புத்தாள் போட்டுத் தேய்த்த மாதிரி சீக்கிரம் கரைந்துவிடும். பெயிண்ட் அடித்த இரும்புத் தளத்தில் தடம் பெரிய பிரச்சினை இல்லை. டீசலும் கிரீஸும்தான் பிரச்சினை.

அடுத்தது வேலை. தூண்டில் படகில் தளத்தில் பெரும்பாலும் கடல் தண்ணீர்தான் இருக்கும். வலைப் படகில் தண்ணீரோடு வழும்பு, செதில், ரத்தம், ஐஸ் துண்டு எல்லாம் சேர்ந்து கிடக்கும். முன்னதற்குக் கணுக்காலுக்குக் கீழே நிற்கிற, தண்ணீர் வடியும் ஷூ போதும். பின்னதற்கு வலைத்துணி போட்ட ஷூவோடு போகவே கூடாது. கெளுத்தி முள்ளும் திருக்கை வால் முள்ளும் துணிக்குள் சாதாரணமாக இறங்கும். அங்கே வேண்டியது முழுக்க ரப்பரோ பாலியூரித்தேனோ ஆன, கணுக்காலை மூடுகிற பூட்.

2. கடையில் என்ன தருவார்கள்

நம் ஊர் விளையாட்டுப் பொருள் கடையில் 'நான்-மார்க்கிங்' என்றாலே ஷட்டில் ஷூ. உள்ளரங்கு மரத்தரையில் தடம் விழக்கூடாது என்பதற்காகச் செய்தது. சோல் மென்மையான கம் ரப்பராக, தேன் நிறத்தில் இருக்கும். வெள்ளைத் தளத்தில் தடம் விழாது, அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் அது உலர்ந்த தரைக்கான ஷூ. சோலில் இருக்கும் வரிகள் தண்ணீரை வெளியே தள்ளுவதற்காக வெட்டியவை அல்ல. மேல்பாகம் துணி. சோலைப் பசையால் ஒட்டியிருப்பார்கள். உப்புத் தண்ணீரில் நனைந்து, வெயிலில் காய்ந்து, மறுபடி நனைந்தால் மூக்குப் பக்கம் வாய் பிளக்கும். தூண்டில் படகில் ஒரு பருவம் ஓட்டலாம். வலைப் படகுக்கு ஆகாது.

வெள்ளை கம்பூட் இன்னொரு தேர்வு. மீன் பதனிடும் கூடங்களில் போடுகிற பிவிசி பூட் அது. விலை குறைவு, தண்ணீர் புகாது. ஆனால் பிவிசி குளிரில் விறைத்துவிடும். ஐஸ் பெட்டிக்குள் இறங்கி அரை மணி நேரம் நின்றுவிட்டு மேலே ஏறினால், சோல் பலகை மாதிரி ஆகியிருக்கும். அந்த நேரத்தில்தான் வழுக்கும். ஐஸ் வேலை இல்லாதவர்களுக்கு இது மோசமில்லை.

துளை போட்ட இலேசான ரப்பர் செருப்பு மாதிரி இருக்கும் ஃபோம் காலணி படகில் நிறையப் பார்க்கலாம். சோல் தேயாத வரை சரி. ஒருமுறை வழவழப்பாகிவிட்டால் ஈரத்தில் சோப்புக்கட்டிக்குச் சமம். ஃபோம் சீக்கிரம் தேயும் என்பதையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

தேட வேண்டியது தொழிற்சாலைக் காலணி விற்கும் கடையில். ஷூ நாக்கிலோ பூட்டின் உள்பக்கமோ 'இஎன் ஐஎஸ்ஓ 20347' என்றோ, 'ஐஎஸ் 15298 பகுதி 4' என்றோ அச்சு இருக்கிறதா பாருங்கள். இவை பணியிடக் காலணிக்கான தரங்கள். ஐரோப்பியத் தரத்தின் பழைய பதிப்பில் வழுக்கல் சோதனைக்கு மூன்று குறிகள் உண்டு. சோப்புத் தண்ணீர் ஊற்றிய பீங்கான் ஓட்டில் தேறினால் எஸ்ஆர்ஏ. கிளிசரின் ஊற்றிய இரும்பில் தேறினால் எஸ்ஆர்பி. இரண்டிலும் தேறினால் எஸ்ஆர்சி. 2022 பதிப்பில் இவற்றை எடுத்துவிட்டு எஸ்ஆர் என்று ஒரே குறி வைத்தார்கள். எஃப்ஓ என்று கூடவே இருந்தால் சோல் டீசலைத் தாங்கும். ஒன்றை மறக்க வேண்டாம்: இந்தத் தரங்களில் தடம் விழாமை ஒரு நிபந்தனையே இல்லை. அதை நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

3. சோலைக் கையில் எடுத்துப் பாருங்கள்

கடையில் நின்றே செய்யக்கூடியவை இவை.

கட்டைவிரல் நகத்தால் சோலை அழுத்துங்கள். பள்ளம் விழுந்து, நகத்தை எடுத்ததும் மெல்ல மறைந்தால் நல்லது. நகம் இறங்கவே இல்லை என்றால் சோல் கடினம், ஈரத்தில் பிடிக்காது.

பிறகு ஷூவை முன்பக்கம் மடக்குங்கள். படகு ஷூ என்று செய்யப்பட்டதானால், தட்டையாகத் தெரிந்த சோலில் பிளேடால் கீறியது போல நெளிநெளியான மெல்லிய வெட்டுகள் வாய் திறக்கும். கால் ஊன்றும்போது அந்த விளிம்புகள் தண்ணீரை வழித்து ஒதுக்கிவிட்டு ரப்பரைத் தளத்தில் படவைக்கின்றன. கார் கண்ணாடியில் வைப்பர் செய்கிற வேலைதான். சுத்தமான கடல் தண்ணீருக்கு இதைவிடச் சிறந்த அமைப்பு இல்லை.

ஆனால் வலைப் படகில் இதே வெட்டுகளில் செதிலும் வழும்பும் போய் அடைத்துக்கொள்ளும். ஒரு மணி நேரத்தில் சோல் மொழுக்கென்று ஆகிவிடும். அங்கே இரண்டு மூன்று மில்லிமீட்டர் அகலத்துக்கு வாய்க்கால் ஓடும் சோல் வேண்டும். அந்த வாய்க்கால் சோலின் ஓரம் வரை போய் வெளியே திறக்க வேண்டும், நடுவிலேயே முட்டி நிற்கக் கூடாது. கட்டை கட்டையாக ஆழமான பற்கள் வைத்த மலையேற்ற ஷூ பார்க்க முரட்டுத்தனமாக இருக்கும். வழவழப்பான தளத்தில் அந்தப் பற்களின் நுனி மட்டும்தான் படும், அதனால் பிடிப்பு குறைவு. போதாததற்குப் பற்களுக்கு இடையே கல் சிக்கித் தளத்தைக் கீறும்.

கொக்கி, வளையம், கண்ணி இரும்பாக இருந்தால் ஒதுக்குங்கள், ஒரே மாதத்தில் துரு பிடித்து வெள்ளைத் தளத்தில் காவிக் கறை விடும். லேஸ் உள்ள ஷூவில் முடிச்சின் காது நீளமாகத் தொங்கக் கூடாது. வலையின் கண்ணியும் தூண்டில் முள்ளும் அதைத்தான் முதலில் பிடிக்கும்.

4. தயாரித்த மாதத்தைப் படியுங்கள்

இந்த ஒன்றைப் பார்க்காமல் பணத்தைத் தொலைப்பவர்கள்தான் அதிகம். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைப் பக்கம் ஏற்றுமதியில் மிஞ்சிய நல்ல ஷூக்கள் பாதி விலைக்குக் கிடைக்கும். மேல்பாகம் புத்தம் புதிதாக இருக்கும். சோல் பாலியூரித்தேனாக இருந்தால் கவனம். அந்தப் பொருள் போடாமல் பெட்டியில் வைத்திருந்தாலும் காற்றின் ஈரத்தை வாங்கிச் சில வருடங்களில் உள்ளுக்குள்ளேயே சிதையும். காலில் மாட்டிப் பத்து நாள் ஆவதற்குள் கேக் மாதிரி உதிரும்.

பல ஷூக்களின் சோலைத் திருப்பினால், குதிகாலுக்கு முன்னால் உள்ள வளைவில் ஐம்பது காசு அளவில் ஒரு வட்டம் அச்சாகியிருக்கும். கடிகார முகம் மாதிரி சுற்றி 1 முதல் 12 வரை எண்கள், நடுவில் அம்புக்குறி, அம்பின் இரண்டு பக்கமும் வருடத்தின் கடைசி இரண்டு இலக்கங்கள். அம்பு 7-ஐக் காட்டி நடுவில் 2, 4 என்று இருந்தால் 2024 ஜூலை. பாலியூரித்தேன் சோல் என்றால் இரண்டு வருடத்துக்கு மேல் பழையதை வாங்க வேண்டாம். ரப்பர் சோலுக்கு இவ்வளவு கெடுபிடி தேவையில்லை. வட்டமே இல்லை என்றால், சோலின் பக்கச் சுவரை நகத்தால் சுரண்டிப் பாருங்கள். மாவு மாதிரி வந்தால் கீழே வைத்துவிடுங்கள்.

5. தடம் விழுமா? இரண்டு சோதனைகள்

நிறத்தை நம்ப வேண்டாம். கறுப்புக் கோடு விடுவது ரப்பரில் சேர்க்கும் கரித்தூள். அதற்குப் பதில் சிலிக்கா சேர்த்துச் செய்த சோலுக்கு எந்த நிறமும் கொடுக்கலாம். தடம் விடாத கறுப்பு சோலும் உண்டு, கறை விடுகிற வெளிர் சோலும் உண்டு.

முதல் சோதனை கடையிலேயே முடியும். வெள்ளைத் தாளைத் தரையில் வைத்து, ஷூவின் குதிகால் ஓரத்தை நன்றாக அழுத்திப் பத்து முறை இழுங்கள். கோடு விழுந்தால் பேச்சே இல்லை.

இரண்டாவதை யாரும் செய்வதில்லை, ஆனால் தளத்தைக் கெடுப்பது இதுதான். சில ரப்பரில் வெயிலைத் தாங்கச் சேர்க்கும் மருந்து மெல்ல வெளியே கசியும். தேய்த்தால் ஒன்றும் தெரியாது. அந்த ஷூவைத் தளத்தில் ஒரே இடத்தில் வெயிலில் விட்டுவைத்தால், சில நாளில் சோலின் வடிவத்திலேயே பழுப்புக் கறை விழுந்திருக்கும். சோப்புக்குப் போகாது, பாலீஷ் போட்டாலும் முழுதாகப் போகாது. படகு கட்டும் இடத்திலோ ஃபைபர் வேலை நடக்கும் இடத்திலோ ஒரு சாண் அகல வெட்டுத் துண்டு கேளுங்கள், சும்மா தருவார்கள். அதன் வழவழப்பான பக்கத்தில் சோலை வைத்து, ஷூவுக்குள் ஒரு செங்கல்லை வைத்து, துண்டைக் கொஞ்சம் நனைத்து, மொட்டை மாடியில் மூன்று நாள் விடுங்கள். எடுத்துத் துடைத்த பிறகு நிழல் மாதிரி ஏதாவது தெரிந்தால் அந்த ஷூ வெள்ளைத் தளத்துக்கு வேண்டாம். ஆறு ஜோடி வாங்கப் போகிறீர்கள் என்றால் ஒரு ஜோடி மட்டும் முதலில் வாங்கி இதைச் செய்யுங்கள்.

(தளத்தில் இருக்கும் எல்லாக் கறையையும் ஷூ மேல் போடவும் கூடாது. கணவாய் மையும் இதே நிறத்தில்தான் காயும்.)

6. வழுக்குமா? ஒரு பலகை போதும்

ஒரு மீட்டர் நீளமுள்ள ஃபைபர் துண்டு, இல்லையென்றால் வழவழப்பான தரை ஓடு ஒட்டிய பலகை. ஷூவுக்குள் ஐந்து கிலோ எடை. தரையில் கிடக்கும் பலகையின் மேல் முனைக்குப் பக்கத்தில் ஷூவை, மூக்கு கீழ் முனையைப் பார்க்க வையுங்கள். முதலில் வெறும் தண்ணீர் ஊற்றி, பலகையின் மேல் முனையை மெதுவாக உயர்த்துங்கள். ஷூ நகரத் தொடங்கும்போது அந்த முனை தரையிலிருந்து எத்தனை சென்டிமீட்டர் என்று அளந்து எழுதுங்கள். மூன்று முறை செய்து சராசரி எடுங்கள். அடுத்து மீன் கழுவிய தண்ணீரை ஊற்றி அதையே திரும்பச் செய்யுங்கள். மீன் தண்ணீருக்கு வழியில்லை என்றால் பாத்திரம் கழுவும் சோப்புக் கரைசல்.

ஒரு கணக்கு பார்ப்போம். ஒரு மீட்டர் பலகையில் ஷூ 45 சென்டிமீட்டர் உயரத்தில் நகர்ந்தால் உராய்வு எண் ஏறக்குறைய 0.5. 30-இல் நகர்ந்தால் 0.31. 20-இல் நகர்ந்தால் 0.2. இந்த எண்ணைக் கொண்டுபோய்த் தரச்சான்றில் உள்ள எண்ணோடு ஒப்பிட வேண்டாம், ஆய்வுக்கூடத்தில் செய்யும் முறை வேறு. இரண்டு ஷூவில் எது மேல் என்று சொல்ல இது போதும். முக்கியமாகப் பார்க்க வேண்டியது வெறும் தண்ணீரிலிருந்து வழும்புக்குப் போகும்போது எவ்வளவு இறங்குகிறது என்பதை. 45-இலிருந்து 38-க்கு இறங்குகிற ஷூவை வலைப் படகுக்கு எடுக்கலாம். 50-இலிருந்து 22-க்கு இறங்குவது தூண்டில் படகுக்கு மட்டும்.

சோதனைக்கு முன் ஒரு வேலை. புது சோலில் அச்சு வார்க்கும்போது பூசிய எண்ணெய்ப் படலம் மீதமிருக்கும். புது ஷூ முதல் நாள் வழுக்குவதற்கு அதுதான் காரணம். சோப்பும் பழைய பல் துலக்கும் பிரஷும் போட்டுத் தேய்த்துக் கழுவி, 120 எண் உப்புத்தாளால் சோலின் பளபளப்பு போகும் வரை இலேசாக உரசிவிட்டுச் சோதியுங்கள். திருப்பிக் கொடுக்க நேரலாம் என்று நினைக்கும் ஷூவை நனைக்கவும் வேண்டாம், உரசவும் வேண்டாம்.

7. அளவு

சாயங்காலம் அளவெடுங்கள், பகல் முழுக்க நின்ற கால் கொஞ்சம் பருத்திருக்கும். தாளில் நின்று, குதிகாலிலிருந்து நீண்ட விரல் வரை இரண்டு காலையும் அளந்து பெரியதை வைத்துக்கொள்ளுங்கள். 26.2 சென்டிமீட்டர் என்று வைப்போம். அதோடு 1.5 கூட்டி, வந்ததை 1.5-ஆல் பெருக்கினால் ஐரோப்பிய அளவு: 27.7 × 1.5 = 41.55, அதாவது 42. நம் கடைகளில் சொல்லும் அளவில் அது 8. வெறுங்காலோடு நடந்து பழகியவர்களுக்கு விரல் பக்கம் அகலமாக இருக்கும். நீளம் சரியாக இருந்தும் சுண்டுவிரல் அழுந்தினால் ஒரு எண் ஏற்றுவதைவிட அகலமான வார்ப்பு உள்ள வேறு மாடலைப் பாருங்கள். நீளம் கூடினால் கால் உள்ளே சறுக்கும். சோல் எவ்வளவு பிடித்தாலும் அப்போது பயனில்லை.

பூட் என்றால் ஒரு சோதனை கட்டாயம். நின்றபடி, கையால் தொடாமல், ஒரு கால் நுனியால் மற்ற காலின் குதியை மிதித்து பூட்டை உதற வேண்டும். சில நொடியில் கழன்றுவிட வேண்டும். வலைக் கயிற்றுச் சுருளில் கால் மாட்டினாலும், தண்ணீரில் விழுந்தாலும் கழற்ற நேரம் இருக்காது. முழங்கால் வரை உயர்ந்த பூட்டில் இது பெரும்பாலும் முடியாது. கணுக்கால் உயரத்தை அதனால்தான் முதலிலேயே சொன்னேன்.

8. செலவு, பில், நேரம்

பிவிசி கம்பூட் சில நூறு ரூபாயில் முடியும். ஷட்டில் ஷூ ஆயிரத்திலிருந்து இரண்டாயிரம். தரக்குறி உள்ள பணியிட பூட் அதற்கும் மேலே தொடங்கும். படகுக்கென்றே செய்த வெளிநாட்டு டெக் பூட்டை வரவழைத்தால் அனுப்பும் செலவும் சுங்கமும் சேர்ந்து ஜோடி பத்தாயிரத்தைத் தாண்டிவிடலாம். முதல் ஜோடியாக அதை வாங்குவதில் அர்த்தமில்லை.

மொத்தமாக வாங்குபவர்கள் விலைப்பட்டியலில் 'வரி தனி' என்று இருக்கிறதா பாருங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் ஜோடி 2,500 ரூபாய் வரை ஜிஎஸ்டி 5 சதவீதம், அதற்கு மேல் 18. ஆக 2,500 ரூபாய் பூட் வரியோடு 2,625, 2,600 ரூபாய் பூட் 3,068. நூறு ரூபாய் வித்தியாசம் நானூற்றுச் சொச்சமாகிறது.

பில்லில் மாடல் எண்ணும் அளவும் எழுதச் சொல்லுங்கள். 'ஷூ ஒரு ஜோடி' என்று மட்டும் எழுதிய பில்லை வைத்துக்கொண்டு சோல் பிரிந்தது என்று போனால் அந்த ஷூதான் இது என்று நிரூபிக்க முடியாது. ஆன்லைனில் வாங்கினால் திருப்பிக் கொடுக்கும் கெடு எத்தனை நாள் என்று முதலிலேயே பாருங்கள். நனைந்த ஷூவைத் திரும்ப எடுக்கமாட்டார்கள். அளவு, நகச் சோதனை, தயாரித்த மாதம், தாள் சோதனை நான்கையும் பெட்டி பிரித்த அன்றே வீட்டுக்குள் உலர்ந்த தரையில் முடித்துவிட வேண்டும்.

வாங்க ஏற்ற காலம் மீன்பிடித் தடைக்காலம். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, குமரி மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. படகுகள் கரையேறி ஃபைபர் வேலை நடப்பதால் சோதனைக்குத் துண்டு கிடைக்கும். மூன்று நாள் வெயிலில் வைத்துப் பார்க்க அவகாசமும் உண்டு. தடை முடிவதற்கு முந்தின நாள் வாங்கிய ஷூவைக் கடலில்தான் சோதிக்க வேண்டியிருக்கும்.

9. வாங்கிய பிறகு

அந்த ஷூவோடு கரையில் நடக்க வேண்டாம். துறைமுகத் தரையில் இருக்கும் ஒரு மணல் பருக்கை சோல் வரியில் ஏறினால் போதும், திரும்பும் ஒவ்வொரு திருப்பத்திலும் தளத்தில் வெள்ளை வளைகோடு போடும். அது தடம் அல்ல, கீறல். துடைத்தால் போகாது. படகு ஏறும் இடத்தில் ஒரு பிளாஸ்டிக் கூடை வைத்து, கரைச் செருப்பை அதில் விட்டுவிட்டு மாற்றிக்கொள்வதுதான் வழி.

கரை திரும்பியதும் நல்ல தண்ணீரில் அலசி, உள் அட்டையைத் தனியே எடுத்து, நிழலில் காயவிடுங்கள். சோலில் கிரீஸ் பட்டால் சோப்பு மட்டும். மண்ணெண்ணெயோ தின்னரோ போட்டால் கிரீஸ் போகும், கூடவே ரப்பர் ஊதி மெத்தென்று ஆகி, பிறகு சீக்கிரம் பிய்யும். எஃப்ஓ குறி இல்லாத கம் ரப்பர் டீசலிலேயே இப்படி ஊதும். எஞ்சின் அறைக்குள் அடிக்கடி இறங்குபவர் அந்தக் குறி இல்லாமல் வாங்க வேண்டாம்.

மாதம் ஒருமுறை சோலைத் திருப்பிப் பாருங்கள். முதலில் தேய்வது குதிகாலின் வெளி ஓரம், அடுத்தது பெருவிரலுக்குக் கீழே. வரி முழுக்க அழிந்து ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்கு மொழுக்கென்று ஓர் இடம் தெரிந்தால், மேல்பாகம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் அதைக் கரைக்கு எடுத்துவிடுங்கள். உலர்ந்த தரையில் வலை சரிபார்க்க அந்த ஷூ இன்னும் ஒரு வருடம் ஓடும்.